அப்பாவின் வீட்டுக்கடன்: பாக்கி விவரமும் முடிக்கும் நிபந்தனைகளும் கேட்டு மகள் வங்கிக்கு எழுதும் கடிதம்

அப்பா பெயரில் வீட்டுக்கடன். அவர் இறந்துவிட்டார். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. எவ்வளவு பாக்கி, எப்படி முடிப்பது என்று கேட்டு மகள் வங்கிக்குப் போனால், "மொத்தமா அஞ்சு லட்சம் சொச்சம் இருக்கும்மா, கட்டிடுங்க" என்று வாய்மொழியாகப் பதில் வரும். அந்தச் சொச்சத்துக்குள்தான் வட்டி, அபராதம், காப்பீடு எல்லாம் ஒளிந்திருக்கும். எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் வரும். என்ன கேட்பது, எதை எழுதக் கூடாது, வந்த பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்பதைக் கீழே வரிசையாகத் தருகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு எந்த அலுவலகம் என்பதும் ஆங்காங்கே வரும். நகைக்கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் சில இடங்கள் மாறும். இது பத்திரம் அடமானம் வைத்த வீட்டுக்கடனுக்கு.

1. கடன் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து என்று பாருங்கள்

வீட்டில் இருக்கும் கடன் அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுங்கள். அதில் அப்பா பெயர் மட்டும் இருக்கிறதா, அம்மாவோ அண்ணனோ இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. அப்படிக் கையெழுத்துப் போட்டவரை வங்கி நேரடியாகக் கேட்கலாம். அவருக்கு அடுத்துச் சொல்லும் "வாரிசு" பாதுகாப்பு கிடையாது.

கையெழுத்தே போடாத மகள் வாரிசு மட்டுமே. அப்பாவிடமிருந்து அவர் கைக்கு வந்த சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் அப்பாவின் கடனுக்கு அவர் பொறுப்பு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இந்த அடிப்படையில்தான் இருக்கிறது. உங்கள் சம்பளமும் சேமிப்பும் இதில் வராது. ஆனால் வீடு அடமானத்தில் இருப்பதால் கடன் வீட்டோடு ஒட்டிக்கொண்டே வரும். வீடு வேண்டுமென்றால் கடனை முடித்துத்தான் ஆக வேண்டும்.

2. இறப்பைத் தெரிவிக்கும் கடிதம் முதலில், தனியாக

பாக்கி விவரம் கேட்கும் கடிதத்துக்கு நீங்கள் மகள் என்பதைக் காட்டும் தாள்கள் வேண்டும், அவற்றைச் சேர்க்க நாளாகும். அதுவரை வங்கிக்கு எதுவும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும், "இந்தத் தேதியில் தந்தை காலமானார், கடன் எண் இது, சேமிப்புக் கணக்கு எண் இது" என்று நாலு வரிக் கடிதம் கொடுத்து, நகலில் கிளையின் இன்வர்ட் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் அபராதத்தைத் தள்ளச் சொல்லும்போது இந்தச் சீல் வைத்த நகல்தான் ஆதாரம்.

சொன்னவுடன் அப்பாவின் சேமிப்புக் கணக்கில் பற்று நின்றுவிடும். மாதத் தவணை தானாகப் பிடிக்கப்படுவதும் நிற்கும். அதனால் தவணை பிடிபடாமல் திரும்பும், அதாவது உதைக்கும். உதைத்ததற்குக் கட்டணமும் விழும். அதற்குப் பயந்து சொல்லாமல் இருந்து, அப்பாவின் ஏ.டி.எம் கார்டில் பணம் எடுத்துத் தவணை கட்டுவது பலர் செய்வது. அதைச் செய்யாதீர்கள். துறைமுகம், ரயில்வே, மின்வாரியம் என்று ஓய்வூதியம் வாங்கியவராக இருந்தால், இறந்த பிறகு வரவான ஓய்வூதியத்தை வங்கி திரும்ப எடுக்கும். எடுக்கப் பணம் இல்லையென்றால் அதுவும் உங்கள் தலையில் ஒரு பாக்கியாக வந்து நிற்கும்.

தவணையை நிறுத்தவும் வேண்டாம். ஒரு தவணை கெடு தாண்டி 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்குப் பிறகு, அடமானச் சொத்தை வங்கியே எடுக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பும் அதிகாரம் வங்கிக்கு வந்துவிடும். உங்கள் கணக்கிலிருந்து நேரே கடன் கணக்கு எண்ணுக்குத் தவணையை அனுப்பலாம். முடியாவிட்டால் கிளையில் பணமாகக் கட்டி ரசீது வாங்கலாம்.

3. நீங்கள் மகள் என்பதைக் காட்டும் தாள்கள்

இறப்புச் சான்றிதழ் எந்த வீட்டில் வாழ்ந்தார் என்பதை வைத்து வராது, எங்கே இறந்தார் என்பதை வைத்து வரும். திருவொற்றியூரில் வீடு இருந்தாலும் ஸ்டான்லி மருத்துவமனையில் இறந்திருந்தால் பதிவு ராயபுரம் மண்டலத்தில்தான் இருக்கும். சென்னை மாநகராட்சி இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அச்செடுக்கும் முன் பெயரைக் கடன் தாள்களோடு ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது, "சாமி" ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருப்பது என்று சின்ன வேறுபாடு இருந்தாலும் கடன் செயலாக்க மையம் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்வது நல்லது.

வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார். அப்பா குடியிருந்த இடம் எந்த வட்டத்தில் வருகிறதோ அந்த அலுவலகம்: தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர், மாதவரம் எல்லாம் தனித்தனி வட்டங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகுதான் வரும். வாரக் கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு பெயர் விடுபடுவது வழக்கம். ஒன்று, கல்யாணமாகிப் போன மகள். ரேஷன் கார்டில் பெயர் இப்போது கணவர் வீட்டில் இருப்பதால், கார்டைப் பார்த்து எழுதும்போது அப்பா வீட்டுப் பட்டியலில் விழாது. இன்னொன்று, ஆயா. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, மகன், மகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவர் பெயர் இல்லாத சான்றிதழை வங்கியின் வழக்கறிஞர் ஏற்க மாட்டார். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசு வரிசை வேறு.

கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் ஆதாரில் கணவர் பெயர் வந்திருந்தால் அது அப்பா மகள் உறவைக் காட்டாது. இனிஷியலும் மாறியிருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டில் ஒன்றை ஆதாரோடு சேர்த்துக் கொடுங்கள். வாரிசுச் சான்றிதழ் வரும் முன்பே பாக்கி விவரம் கேட்கவும் இந்தத் தாள்களே போதும் என்று பல மேலாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பத்திரத்தைத் திரும்ப வாங்கத்தான் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் முடியாது.

"அண்ணனைக் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னால் அசர வேண்டாம். பாக்கி விவரத்தை வாரிசுகளில் யார் ஒருவரும் கேட்கலாம். எல்லோர் கையெழுத்தும் தேவைப்படுவது கடைசியில்தான்.

4. கடிதம்

தமிழில் எழுதலாம். கோப்பு வேறு ஊர் மையத்துக்குப் போகும் என்று தெரிந்தால் ஆங்கிலப் படி ஒன்றும் இணையுங்கள். அப்பா பெயரை மட்டும் கடன் புத்தகத்தில் உள்ள அதே எழுத்துகளில் எழுதுங்கள்.

கணக்குக் கேட்கும் தேதியைக் கடிதத் தேதியாக வைக்காதீர்கள். பதில் வருவதற்குள் அந்தத் தொகை பழையதாகிவிடும். மூன்று வாரம் தள்ளி, வங்கி வேலை நாளாகப் பார்த்து ஒரு தேதி குறித்து, அந்தத் தேதிக்குத் தொகையும் அதன் பிறகு ஒரு நாளுக்கு எவ்வளவு வட்டி என்பதும் கேட்க வேண்டும்.

மாதிரி இது. கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்:
(பெயர், முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல்)

பெறுநர்:
கிளை மேலாளர், ____ வங்கி, தண்டையார்பேட்டை கிளை
நகல்: வீட்டுக்கடன் செயலாக்க மையம், ____ வங்கி, சென்னை

பொருள்: காலஞ்சென்ற திரு. ____ அவர்களின் வீட்டுக்கடன் எண் ____: நிலுவை விவரமும் கடனை முடிக்கும் நிபந்தனைகளும் கேட்டல்.

ஐயா / அம்மா,

மேற்கண்ட கடன்தாரர் என் தந்தை. அவர் ____ அன்று காலமானதை ____ தேதியிட்ட கடிதத்தில் தங்கள் கிளைக்குத் தெரிவித்தேன். கிளை முத்திரையிட்ட நகல் இணைப்பில் உள்ளது. நான் அவருடைய சட்டபூர்வ வாரிசுகளில் ஒருவர். இந்தக் கடனில் நான் இணைக் கடன்தாரரோ ஜாமீன்தாரரோ அல்ல.

கடனை முழுமையாகக் கட்டி முடிப்பது குறித்து வாரிசுகள் முடிவெடுக்க, கீழ்க்கண்டவற்றை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. கடன் வழங்கிய நாள் முதல் இன்றுவரையிலான முழுக் கணக்கு அறிக்கை. தந்தை காலமான ____ அன்று இருந்த நிலுவை அதில் தனியாகக் குறிக்கப்பட வேண்டும்.

2. ____ தேதியில் கடனை முடிக்கக் கட்ட வேண்டிய தொகை. அசல், வட்டி, அபராதக் கட்டணம், பிற கட்டணங்கள் என்று பிரித்து, அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு நாளுக்கான வட்டியும், இந்தத் தொகை எந்தத் தேதிவரை செல்லும் என்பதும்.

3. தற்போதைய வட்டி விகிதம், அது மாறும் விகிதமா நிலையான விகிதமா என்பது, முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் உண்டா, உண்டெனில் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் என்பது.

4. இந்தக் கடனோடு ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டிருந்தால் அதன் எண், காப்பீட்டு நிறுவனம், இறந்த தேதியில் இருந்த காப்பீட்டுத் தொகை, கோரிக்கைப் படிவம்.

5. தந்தையின் பெயரில் தங்கள் வங்கியில் உள்ள வைப்புகள் எதையும் இந்தக் கடனுக்கு ஈடாக நிறுத்தி வைத்திருந்தாலோ வரவு வைத்திருந்தாலோ அதன் விவரம்.

6. அனுமதிக் கடிதம், கடன் ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல், தங்களிடம் உள்ள அசல் ஆவணங்களின் பட்டியல்.

7. கடன் முடிந்த பின் அசல் ஆவணங்களை வாரிசுகளுக்குத் திருப்பித் தரத் தங்கள் வங்கி வகுத்துள்ள நடைமுறை.

இக்கடிதம் விவரம் பெறுவதற்காக மட்டுமே எழுதப்பட்டது. மேற்படி கடனையோ அதன் தொகையையோ நான் ஒப்புக்கொண்டதாகவோ, தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்றதாகவோ இதைக் கொள்ளக் கூடாது. வாரிசுகளின் உரிமைகள் அனைத்தும் இதனால் பாதிக்கப்படாது.

இது தொடர்பான தகவல்களை மேற்கண்ட முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, தேதி)

இணைப்பு: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் (அல்லது விண்ணப்ப ரசீது), ஆதார், உறவுச் சான்று, முதல் கடிதத்தின் நகல்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை நீக்கிவிடாதீர்கள். "அப்பா வாங்கிய கடனை நான் அடைத்துவிடுகிறேன், கொஞ்சம் அவகாசம் தாருங்கள்" என்று உருக்கமாக எழுதுவது நம் பழக்கம். காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, வங்கி வழக்குப் போடுவதற்கான கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்தக் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். தவணை ஒழுங்காகப் போன வீட்டுக்கடனில் இது பெரிதாக உறைக்காது. வருடக்கணக்காக நின்றுபோன கடனில் நன்றாகவே உறைக்கும். அதேபோல, விவரம் தரும் சாக்கில் மேசையில் வைத்து "இங்க ஒரு கையெழுத்து" என்று நீட்டும் படிவத்தைப் படிக்காமல் தொடாதீர்கள். அது கடனை ஒப்புக்கொள்ளும் படிவமாகவோ, உங்களைக் கடன்தாரராகச் சேர்க்கும் படிவமாகவோ இருக்கலாம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கடிதத்தில் "செட்டில்மென்ட்" என்று எங்கும் எழுதாதீர்கள். வங்கியில் அது தொகையைக் குறைத்துப் பேசி முடிப்பதைக் குறிக்கும், கோப்பு வேறு மேசைக்குப் போய்விடும். நீங்கள் கேட்பது முழுவதும் கட்டி முடிப்பது.

5. கொடுப்பது

கையில் கொண்டுபோய்க் கொடுத்து நகலில் முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து வாங்குவதுதான் முதல் வழி. முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில், பதிவும் ஒப்புகையும் சேர்த்து அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கிளையின் மின்னஞ்சலுக்கும் ஒரு படி போகட்டும்.

வீட்டுக்கடன் கோப்பு பெரும்பாலும் கிளையில் இருக்காது, மையத்தில்தான் இருக்கும். கிளைக்கு மட்டும் கொடுத்தால் "மேலே அனுப்பியிருக்கோம்" என்ற பதிலிலேயே மாதம் ஓடும். நகல் மையத்துக்கும் போக வேண்டும் என்பது அதனால்தான்.

6. பதிலைச் சரிபார்ப்பது: ஒரு கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தவணை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. ஜூன் 5 தவணை போன பிறகு அசல் பாக்கி 4,80,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 9.25 சதவீதம், மாறும் விகிதம். அப்பா இறந்தது ஜூன் 14. வங்கிக்குச் சொல்லி முத்திரை வாங்கியது ஜூன் 27. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் தவணைகள் போகவில்லை. முடிக்கக் கேட்ட தேதி செப்டம்பர் 25.

ஒரு நாள் வட்டி: 4,80,000-ஐ 9.25 சதவீதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்தால் சுமார் 121 ரூபாய் 64 காசு. ஜூன் 5 முதல் செப்டம்பர் 25 வரை 112 நாள். பெருக்கினால் 13,624 ரூபாய். மாதம் ஒருமுறை வட்டி கணக்கில் ஏறி அதற்கும் வட்டி ஓடுவதால் உண்மைத் தொகை சுமார் 13,768 வரும். வங்கியின் வட்டி இந்த இரண்டுக்கும் பக்கத்தில் இருந்தால் சரி. 18,000, 20,000 என்று வந்திருந்தால் ஏதோ ஒன்று வட்டிக்குள் கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது அபராதமாகத்தான் இருக்கும்.

அபராதத்தை வட்டி விகிதத்தோடு கூட்டிப் போடக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டி ஏற்றவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லி, 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதனால்தான் கடிதத்தில் பிரித்துக் கேட்டோம்.

நம் கணக்கில் அபராதம் 1,200, தவணை உதைத்ததற்குத் தடவைக்கு 500 வீதம் 1,500 என்று போட்டிருக்கிறார்கள் என்று வைப்போம். மொத்தம் 4,96,468 ரூபாய். இதில் 1,500-ஐக் கேள்வி கேட்க வேண்டும். இறந்ததைச் சொன்ன பிறகு சேமிப்புக் கணக்கை நிறுத்தியது வங்கி. நிறுத்திய கணக்கிலிருந்து தானே தவணை கேட்டு, இல்லை என்று தானே திருப்பி, அதற்கு நம்மிடம் கட்டணம் கேட்பதில் நியாயமில்லை. ஜூன் 27 முத்திரையைக் காட்டித் தள்ளுபடி கேளுங்கள். தள்ளினால் 4,94,968.

இந்தக் கணக்கில் ஜூலை 5 தவணைக்கு 90ஆம் நாள் அக்டோபர் 3. காப்பீட்டுப் பணத்துக்காகக் காத்திருந்து முடிக்கும் தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால், அதற்கு முன் குறைந்தது ஜூலை தவணையையாவது வட்டியோடு கட்டிவிடுங்கள்.

முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் என்று ஒரு வரி இருந்தால், வட்டி மாறும் விகிதமா நிலையான விகிதமா என்று பாருங்கள். தனிநபருக்குத் தந்த மாறும் விகித வீட்டுக்கடனுக்கு வங்கிகள் அந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2012 முதல் இருக்கும் விதி. நிலையான விகிதம் என்றால் ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

7. காப்பீடு: பணம் கட்டும் முன்

வீட்டில் யாருக்குமே தெரியாத காப்பீடு பல கடன்களில் இருக்கும். கடன் வாங்கும்போது மொத்தப் பிரீமியத்தையும் கடன் தொகையோடு சேர்த்து எடுத்திருப்பார்கள். முழுக் கணக்கு அறிக்கையின் முதல் பக்கத்தைப் பாருங்கள். கடன் வழங்கிய வாரத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன ஒரு தொகை தெரிந்தால் அது இதுதான். இந்த ஒரு வரிக்காகவே "வழங்கிய நாள் முதல்" என்று கேட்கிறோம். மூன்று மாத அறிக்கையைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

இந்தக் காப்பீடு பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும் வகை. எந்த வருடம் எவ்வளவு என்று ஆரம்பத்திலேயே அட்டவணை போட்டுவிடுவார்கள். பிறகு வட்டி ஏறி, தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டியிருந்தால் கடன் மெதுவாகக் குறையும், காப்பீடோ பழைய அட்டவணைப்படி வேகமாகக் குறையும். நம் கணக்கில் இறந்த அன்று அட்டவணைத் தொகை 4,20,000 என்றால், அது வந்த பிறகும் 74,968 ரூபாய் குடும்பம் கட்ட வேண்டியிருக்கும். "இன்சூரன்ஸ் இருக்கு, எல்லாம் தீர்ந்துடும்" என்று உட்கார்ந்திருந்தால் இந்த மிச்சத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இறந்த தேதிக்கும் பணம் வரும் தேதிக்கும் இடையில் கடனுக்கு வட்டி நிற்பதில்லை. அதனால் கோரிக்கைப் படிவத்தை வங்கி அனுப்பும் என்று விட்டுவிடாமல் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நேராக எழுதுங்கள். பழைய நோயை மறைத்தார் என்று மறுத்தால், காப்பீடு தொடங்கி மூன்று ஆண்டு கடந்ததா என்று பாருங்கள். கடந்திருந்தால் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அந்தக் காரணத்தைச் சொல்லவிடாது.

அப்பாவின் சேமிப்புப் புத்தகத்தில் வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்த வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 55 வயதுக்குள் இறந்திருந்தால் நியமனதாரருக்கு 2 லட்சம். அது கடனோடு சேர்ந்ததல்ல.

8. பணம் கட்டும்போது

முடிக்கும் தொகையை அறிக்கையில் சொன்ன கணக்குக்கு, செல்லும் தேதிக்குள், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். ஒரு நாள் தாண்டினால் ஒரு நாள் வட்டியைச் சேர்த்து அனுப்ப வேண்டும். நூறு ரூபாய் பாக்கி நின்றாலும் கணக்கு மூடாது, அந்த நூறுக்கு மாதாமாதம் கட்டணம் விழும்.

மகள் ஒருவரே முழுத் தொகையையும் கட்டினாலும் வீடு அவருடையது ஆகிவிடாது. எல்லா வாரிசுகளின் பங்கும் அப்படியே இருக்கும். மற்றவர்கள் தங்கள் பங்கைப் பிறகு தருவதாகச் சொன்னால் யார் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். வீட்டுக்குள் கேட்க வாய் வராத விஷயம்தான். ஆனால் வீட்டை விற்கும் நாளில் கேட்பது அதைவிடக் கஷ்டம்.

இடையில் வசூல் ஆட்கள் தொலைபேசியில் பேசினால், கடிதம் கொடுத்த தேதியைச் சொல்லி எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அவர்கள் அழைக்கக் கூடாது.

9. பதிலே வராவிட்டால்

விவரம் கேட்ட கடிதம் புகார் ஆகாது. பதினைந்து நாள் பார்த்துவிட்டு, அதே கடிதத்தின் நகலோடு வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். அன்றிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் அரைகுறையாக இருந்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைகேட்பு அதிகாரியான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. சந்தேகத்துக்கு 14448 என்ற எண். இதே விஷயம் ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் அங்கே எடுக்க மாட்டார்கள்.

10. பத்திரமும் ரசீது ஆவணமும்

கட்டிய பிறகு மூன்று தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும்: பாக்கி இல்லை என்ற சான்று, பூஜ்யம் காட்டும் கணக்கு அறிக்கை, அசல் ஆவணங்கள். கடன் முழுவதும் கட்டிய 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தந்து, சொத்தின் மீதான பதிவுகளையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணம் தொலைந்துவிட்டால் நகல் எடுக்க உதவி செய்து செலவையும் வங்கியே ஏற்க வேண்டும், அதற்குக் கூடுதலாக 30 நாள் உண்டு. கடன்தாரர் இறந்தால் வாரிசுகளிடம் ஆவணம் தரும் நடைமுறையை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. கடிதத்தின் ஏழாவது கேள்வி அதைப் பிடித்துத்தான் எழுதப்பட்டது.

எல்லா வாரிசுகளும் நேரில் வந்து கையெழுத்திடச் சொல்வார்கள். துபாயிலோ பெங்களூரிலோ இருப்பவர் உண்டென்றால், ஒருவரிடம் கொடுக்கச் சம்மதம் என்ற கடிதம் வங்கி கேட்கும் வடிவில் முன்பே வரவழைத்துக்கொள்ளுங்கள். வாரிசு ஒருவர் வராததால் நிற்கும் நாள்களுக்கு இழப்பீடு கேட்க முடியாது. வாங்கும்போது ஆறாவது கேள்விக்கு வந்த பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தாய்ப் பத்திரம்தான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

பத்திரம் கைக்கு வந்தாலும் பதிவுத்துறையில் அடமானம் இன்னும் இருக்கும். கடன் வாங்கியபோது பத்திர ஒப்படைப்பை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், அது தீர்ந்ததற்கு வங்கி அதிகாரி கையெழுத்திட்ட ரசீது ஆவணம் அதே அலுவலகத்தில் பதிவாக வேண்டும். வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்து ராயபுரம், திருவொற்றியூர், செம்பியம் என்று அலுவலகம் மாறும். அதிகாரி வர நாள் ஒதுக்கச் சொல்லி, பாக்கி இல்லைச் சான்று வாங்கும் அன்றே கிளையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கிளை வேறொன்றோடு இணைந்திருக்கும், அதிகாரி மாறியிருப்பார், கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

பதிவான பிறகு tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். அடமானம் போட்ட தேதிக்கு முந்தைய வருடத்திலிருந்து தேடுங்கள். அடமானப் பதிவு, அதன் எண்ணைக் குறிப்பிட்டு ரசீதுப் பதிவு என்று இரண்டும் தெரிய வேண்டும். ரசீதில் அடமான ஆவண எண்ணோ வருடமோ தப்பாக இருந்தால் அது வேறு கடனுக்கான ரசீது போலத்தான் நிற்கும். வங்கியையே திருத்த ஆவணம் போடச் சொல்லுங்கள்.